அண்ணன் கல்யாணமும் குரூப் 4 தேர்வும் ஒரே காலையில்

"ஐயா, வணக்கம். எனக்கு 27 வயது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி குரூப் 4-க்குப் படிக்கிறேன். இது மூன்றாவது முறை. தேர்வு நடக்கும் அதே ஞாயிறு காலை, கும்பகோணத்தில் என் அண்ணனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் 6 முதல் 7.30. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நான் ஒரே தங்கை, நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். விண்ணப்பத்தில் தேர்வு மையம் சென்னை என்று கொடுத்துவிட்டேன். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பொங்கலுக்காக எல்லாம் தேர்வைத் தள்ளிவைத்தார்களே, நானும் தேர்வாணையத்துக்கு மனு எழுதினால் வேறு தேதி தருவார்களா? இதுபோக எஸ்எஸ்சி தேர்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அதுவும் அதே நாளில் வந்து விழுந்தால் என்ன செய்வது?"

— ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

மனு எழுத வேண்டாம். தேதி மாறாது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு விஷயம்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறது: விண்ணப்பத்தின் கடைசி நாள் இன்னும் முடியவில்லை. உங்களால் தேதியை மாற்ற முடியாது, ஊரை மாற்ற முடியும். சென்னையில் தேர்வு, கும்பகோணத்தில் கல்யாணம் என்றால் இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும். இரண்டும் கும்பகோணத்தில் என்றால், உங்களுக்குக் கிடைத்திருக்கும் முகூர்த்த நேரத்துக்கு, இரண்டையும் செய்துவிடலாம்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் அந்தப் பொங்கல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதை நம்பி மனு எழுதிவிட்டுக் காத்திருந்து, கையில் இருந்த நாட்களை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்வது 2025 ஜனவரியில் நடந்த யுஜிசி நெட் தேர்வு. ஜனவரி 15-ம் தேதி, மாட்டுப் பொங்கல் அன்று வைத்திருந்த தாள்களைத் தேசியத் தேர்வு முகமை 21, 27 தேதிகளுக்குத் தள்ளியது. தமிழ்நாட்டு அரசு எழுதியது, எம்.பி.க்கள் எழுதினார்கள், மாணவர்கள் எழுதினார்கள். அறிவிப்பு வந்தது எப்போது தெரியுமா? ஜனவரி 13 அன்று, தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது. அதிலும் 15-ம் தேதித் தாள்கள்தான் தள்ளிப்போயின. 16-ம் தேதி, காணும் பொங்கல் அன்று இருந்த தாள்கள் அப்படியே நடந்தன. அதே 2025 நவம்பரில் நம் ஆசிரியர் தேர்வு வாரியம் டெட் தேர்வை 1, 2 தேதிகளில் வைத்திருந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்பதால் அதை 15, 16-க்கு மாற்றினார்கள்.

இன்னொரு தேர்வோடு மோதினாலும் இப்படி நடப்பதுண்டு. முதுநிலை ஆசிரியர் தேர்வு 2025 செப்டம்பர் 28 என்று அறிவித்திருந்தார்கள். அதே நாளில் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு வந்தது. ஆசிரியர் தேர்வு அக்டோபர் 12-க்குப் போனது, குரூப் 2 தன் நாளிலேயே நடந்தது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் அந்த ஆண்டு ஜூலையில் ஹரியானா மாநிலத்தின் பொதுத் தகுதித் தேர்வோடு மோதி, 26, 27, 28 என்று இருந்த மூன்று நாள் தேர்வு, 28-ம் தேதி ஒரே நாளாகச் சுருங்கியது.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெருங்கூட்டமே ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்டது. எல்லோருக்கும் சேர்த்துத்தான் தேதி மாறியது. 'இவருக்கு மட்டும் வேறு நாள்' என்று ஒரு இடத்திலும் நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. குரூப் 4 என்பது ஒரே நாள், ஒரே வேளை, லட்சக்கணக்கான பேருக்கு ஒரே வினாத்தாள். உங்களுக்காக இன்னொரு நாள் வைத்தால் இன்னொரு வினாத்தாள் தயாரிக்க வேண்டும். அதற்கு விதியில் இடமே இல்லை. அண்ணன் கல்யாணம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும் தேர்வாணையத்தின் கணக்கில் அது ஒரு விண்ணப்பதாரரின் வீட்டு விசேஷம், அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேர்வுக்காகக் கல்யாணத் தேதியை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டை போடவும் வேண்டாம். கல்யாண நாளை நீங்கள் மாற்றிய பிறகு தேர்வு தேதி நகரலாம். 2024-ல் யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு மே 26 என்று முந்தைய ஆண்டே அறிவித்தது, மக்களவைத் தேர்தலால் ஜூன் 16-க்குப் போனதே. முன்பணம் கொடுத்த மண்டபத்தை விட்டு, இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் சங்கடப்படுத்தி ஒரு நாளை மாற்றி, அப்புறம் தேர்வும் மாறிவிட்டால் அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும். (இன்னும் நாள் குறிக்காத வீடுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டிஎன்பிஎஸ்சி ஒவ்வோர் ஆண்டும் ஆண்டுத் திட்ட அட்டவணை வெளியிடுகிறது. ஜோசியரிடம் போகும்போது பஞ்சாங்கத்தோடு அந்த ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தேதிகளும் மாறக்கூடியவைதான் என்றாலும், தெரிந்தே போய் மோதிக்கொள்வதைத் தவிர்க்கலாம்.)

சரி, இப்போது ஊர் மாற்றத்துக்கு வருவோம்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த சில நாட்களில், விண்ணப்பத்தைத் திருத்துவதற்கென்று தேர்வாணையம் மூன்று நாள் இணையதளத்தைத் திறந்துவைக்கும். 2025 குரூப் 4-க்குக் கடைசி நாள் மே 24, திருத்த நாட்கள் மே 29 முதல் 31 வரை, தேர்வு ஜூலை 12. உங்கள் அறிவிக்கையின் முதல் பக்கங்களிலேயே 'விண்ணப்பத் திருத்தச் சாளரக் காலம்' என்று தேதி, நேரத்தோடு போட்டிருக்கும். இந்த மூன்று நாளைத் தவறவிட்டால் அவ்வளவுதான். அதற்கப்புறம் மையத்தை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினாலும் நேரில் போனாலும் ஏற்கமாட்டார்கள். எனவே அந்த மூன்று நாளையும் போனில் அலாரமாகப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே செய்துவிடுங்கள். கடைசி நாள் இரவு தளம் திணறும், ஓடிபி வராது.

குரூப் 4-க்கு மாவட்டத் தலைநகரங்களில் மட்டும் இல்லாமல் வட்ட அளவிலும் மையங்கள் உண்டு. இது உங்களுக்குப் பெரிய வசதி. தஞ்சாவூர் மாவட்டம் என்று பார்த்ததும் தஞ்சாவூரைத் தட்டிவிடாதீர்கள், கும்பகோணம் என்று தனியாக இருப்பதைத் தேடித் தேர்ந்தெடுங்கள். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முகூர்த்த நாளில் அந்தச் சாலையை நம்பக் கூடாது. மையத்தை மாற்றிய பிறகு பாதியில் நிற்காமல் கடைசிப் பக்கம் வரை போய்ச் சமர்ப்பியுங்கள். புது விண்ணப்பத்தைப் பதிவிறக்கி, மையம் என்ற இடத்தில் கும்பகோணம் என்று அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே வர வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையன் மையத்தை மாற்றிவிட்டு 'சேமி' மட்டும் அழுத்தி மூடிவிட்டான். ஹால் டிக்கெட்டில் பழைய ஊரே வந்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்து, அச்சான நகலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டாமல் யாரையும் விடுவதில்லை.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தேர்வு தேதி ஏதோ காரணத்தால் மாறிவிட்டால், சும்மா ஒரு தேர்வுக்காக நீங்கள் சென்னையிலிருந்து கும்பகோணம் போய்வர வேண்டியிருக்கும். ஒரு ராத்திரி ரயில். பெரிய இழப்பு இல்லை.

இனி அந்தக் காலைப்பொழுது. ஹால் டிக்கெட்டில் 8.30-க்கு வரச் சொல்லியிருப்பார்கள். 9 மணி வரை உள்ளே விடுவார்கள். 9.30-க்குத் தேர்வு தொடங்கி 12.30-க்கு முடியும். இதில் உங்களுக்கு உண்மையான எல்லைக்கோடு 9 மணி. ஒவ்வொரு குரூப் தேர்வு அன்றும் பள்ளி வாசலில் 9.03-க்கு வந்து அழுதுகொண்டு நிற்பவர்களின் படம் சாயங்காலச் செய்தியில் வருகிறது. அதில் பாதிப் பேருக்கு வீட்டு விசேஷம்கூட இருந்திருக்காது.

உங்கள் முகூர்த்தம் 6 முதல் 7.30 என்பது நல்ல வேளை. இதுவே 7.30 முதல் 9 என்றிருந்தால் உங்களுக்கு நான் வேறு பதில்தான் எழுதியிருப்பேன். ஆனால் 6 முதல் 7.30 என்பது தாலி கட்டும் நேரம் இல்லை, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம் என்ற வரம்பு. பல கல்யாணங்களில் ஐயர் நிதானமாக ஹோமம் வளர்த்து, மாப்பிள்ளை பட்டு வேட்டி மாற்றிவர ஒரு கால் மணி, பெண் வந்து உட்கார ஒரு கால் மணி, மாமாவைக் காணோம் என்று தேடுவதில் ஒரு பத்து நிமிடம் என்று போய் 7.20-க்குக் கெட்டிமேளம் கொட்டும். அப்படிப் போகும் நேரம் உங்களுக்கு வேண்டும். அதை வாங்க ஒரே வழி, பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அப்பாவோடு உட்கார்ந்து, கல்யாணம் செய்துவைக்கப் போகும் ஐயரிடம் நேரில் பேசுவதுதான். "தங்கச்சிக்கு ஒன்பது மணிக்குப் பரீட்சை, ஆறே முக்காலுக்குள் மாங்கல்யதாரணம் ஆகிவிடுமா?" என்று கேளுங்கள். அந்த வரம்புக்குள் லக்னம் எது சரியாக வருகிறது என்று பார்த்து அவர் சொல்லிவிடுவார். அதற்கு ஏற்றபடி சடங்குகளை முன்னதாகவே தொடங்குவார். பெண் வீட்டாரிடமும் அப்பாவே சொல்லிவிடட்டும். நீங்கள் சொன்னால் சின்னப் பெண்ணின் அவசரமாகத் தெரியும். அப்பா சொன்னால் இரண்டு வீடும் ஒத்துக்கொண்ட ஏற்பாடாகிவிடும்.

ஆறே முக்காலுக்குத் தாலி. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும் அண்ணி கழுத்துக்குப் பின்னால் நின்று நீங்கள் அடுத்த முடிச்சுகளைப் போடுகிறீர்கள். அட்சதை விழுகிறது. அதோடு மேடையில் உங்கள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் நடப்பவை எல்லாம், மெட்டி, அம்மி, பால் பழம், போட்டோ, சம்பந்தி உபசாரம், நீங்கள் இல்லாமல் நடக்கக்கூடியவை. அத்தை மகள் ஒருத்தியை இப்போதே பிடித்துவைத்துக்கொண்டு, "முடிச்சு போட்டதும் நான் இறங்கிவிடுவேன், மாப்பிள்ளை தங்கை நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் நீ நில்லு" என்று சொல்லிவிடுங்கள். போட்டோகிராபரிடமும் ஒரு வார்த்தை: அண்ணன் அண்ணியோடு உங்கள் படத்தை முந்தின நாள் வரவேற்பிலேயே எடுத்து முடித்துவிடட்டும்.

ஏழு மணிக்குப் பட்டுப்புடவையையும் நகையையும் கழற்றி அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுத்துவிட்டு, சாதாரண சுடிதாருக்கு மாறிவிடுங்கள். புடவையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, தாராளமாக விடுவார்கள். ஆனால் புதுப் பட்டில், தலை நிறையப் பூவோடு மூன்று மணி நேரம் பள்ளிக்கூட பெஞ்சில் குனிந்து ஓஎம்ஆர் நிரப்பிப் பாருங்கள், 40-வது கேள்விக்கே கழுத்து வலிக்கும். நகையைத் தேர்வு மையத்தில் வாங்கிவைக்க யாரும் இல்லை. போனும் அப்படித்தான். 7.15-க்கு இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. பந்தியில் உட்காராதீர்கள். பொங்கல், வடை, கேசரி என்று இலையில் விழ ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் எழுந்திருக்க விடமாட்டார்கள். நெய்ப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் பகுதியைப் போடுவதும் நடக்காத காரியம்.

7.45-க்கு வண்டியில் ஏற வேண்டும். கார் வேண்டாம், பைக். அன்றைக்கு ஊரில் உங்கள் வீட்டுக் கல்யாணம் மட்டும் நடக்காது. முகூர்த்த நாளில் கும்பகோணத்தின் கோயில் வீதிகளில் கார் நுழைந்தால் எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. ஓட்டப் போகிறவர் மேடையில் வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். சித்தப்பாவும் வேண்டாம், மாமாவும் வேண்டாம், அவர்களை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அண்ணனுடைய நண்பர் ஒருவர், அல்லது உங்கள் தோழி. அவரிடமே ஹால் டிக்கெட்டின் இன்னொரு நகல், உங்கள் அசல் ஆதார், ஆதார் நகல், இரண்டு கருப்புப் பந்துமுனைப் பேனா எல்லாம் போட்ட ஒரு கவரை முந்தின நாளே கொடுத்துவையுங்கள். மண்டபத்தில் மணப்பெண் அறையில் வைத்த கவர் காலையில் இருக்காது. யாரோ மொய்க் கவர் என்று எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்கள்.

ஹால் டிக்கெட் தேர்வுக்கு ஏறத்தாழ பத்து நாள் இருக்கும்போது வரும். வந்ததும் பள்ளியின் பெயரை முழுதாகப் படியுங்கள். ஒரே பெயரில் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தொடக்கப் பள்ளி என்று மூன்று இருக்கும். மூன்றும் மூன்று தெருவில் இருக்கும். கதவு எண், தெருவோடு பார்த்து, வெள்ளிக்கிழமையே அந்த நண்பரோடு ஒருமுறை மண்டபத்திலிருந்து பள்ளி வாசல் வரை போய்வாருங்கள். எவ்வளவு நேரம் ஆனதோ அதை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். 15 நிமிடம் என்றால் அன்றைக்கு அரை மணி. 7.45-க்குக் கிளம்பினால் 8.15-க்கு வாசலில் இருப்பீர்கள்.

ஐயர் தாமதித்துவிட்டால்? அதற்கும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள், அதை அப்பாவுக்கும் சொல்லிவையுங்கள். முகூர்த்தமே 7.30-க்கு முடிந்துவிடுகிறது என்பதால் அதற்கு மேல் தாலி தள்ளிப்போகாது. 7.30-க்கே முடிச்சு போட்டாலும் உடை மாற்றாமல், சாப்பிடாமல், நகையை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு 7.50-க்கு வண்டியில் ஏறினால் 8.20, 8.25-க்குள் போய்விடலாம். அதாவது மிக மோசமான நிலையிலும் உங்கள் கையில் அரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. மைய மாற்றம் மட்டும் நடந்துவிட்டால் உங்கள் திட்டம் தாங்கும் என்று நான் நம்புவதற்கு இந்த அரை மணிதான் காரணம்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் உங்கள் மதிப்பெண்ணைக் கெடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. தூக்கம். கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தேர்வு எழுதியவர்களில் நேரத்துக்கு வராமல் போனவர்கள் குறைவு. வந்து உட்கார்ந்து, 11 மணிக்குமேல் கண் சொருகி, படித்த வரியையே மூன்று முறை படித்தவர்கள்தான் அதிகம். சனிக்கிழமை வரவேற்பு 11 மணி வரை நடக்கும். மண்டபத்து அறையில் பத்துப் பேர், குழந்தைகள், மைக். அதிகாலை மூன்றரைக்கே தலை பின்ன எழுப்புவார்கள். நான்கு மணி நேரம்கூடத் தூங்கியிருக்கமாட்டீர்கள். அதனால் வீட்டில் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டிய சலுகை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சனிக்கிழமை இரவு எட்டரைக்கு மேடையை விட்டு இறங்கி, மண்டபத்தில் தங்காமல் பக்கத்தில் யார் வீட்டிலாவது போய்ப் படுத்து, ஒன்பதரைக்குத் தூங்கிவிட வேண்டும். நான்கரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரம். ஜடை அலங்காரம் எல்லாம் வேண்டாம், சாதாரணப் பின்னலே போதும் என்று சொல்லிவிட்டால் அதில் அரை மணி மிச்சம்.

அதற்கு முந்தைய ஞாயிறு இதை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நான்கரைக்கு எழுந்து குளித்து, ஏழு மணி வரை உட்காராமல் ஏதாவது வேலை செய்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, 9.30-க்கு 200 கேள்விகளும் கொண்ட முழு மாதிரித் தேர்வு ஒன்றை ஓஎம்ஆர் தாளிலேயே எழுதுங்கள். எந்த நேரத்தில் கவனம் சிதறுகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரம்தான். அப்படியானால் கணக்குப் பகுதியைக் கடைசிக்கு வைக்காமல் முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிடுங்கள். களைப்பில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரு கேள்வியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிட்டு, அடுத்த விடையை அந்த வட்டத்தில் நிரப்பிவிடுவது. விடை தெரியாத கேள்விக்கும் E வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும் என்பது விதி என்பதால், எதையும் காலியாக விடாமல் ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கேள்வி எண்ணையும் வட்ட எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்எஸ்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு வகை. கணினியில் பல நாட்கள், ஒரு நாளைக்குப் பல வேளைகள் என்று நடப்பதால், உங்களுக்கு எந்த நாள் விழும் என்று இப்போதே சொல்ல முடியாது. பல நாளாக நடக்கும் தேர்வுகளில்தான் ஒரு ஆளுக்கு மட்டும் நாளை மாற்றும் வாய்ப்பு கொஞ்சமாவது இருக்கிறது. 2025 சிஎச்எஸ்எல் தேர்வில் எஸ்எஸ்சி நகரம், நாள், வேளை ஆகியவற்றை விண்ணப்பதாரரே தேர்ந்தெடுக்கும் வசதியைத் தந்தது. உங்கள் தேர்வுக்கும் அப்படித் திறந்தால், கல்யாண வாரத்தை விட்டுத் தள்ளி ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை அங்கேயே முடிந்தது. எல்லாத் தேர்வுகளும் இப்படி இல்லை. வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் அறிவிக்கையில் நாள், வேளை, மையம் மாற்றும் கோரிக்கை எதுவும் ஏற்கப்படாது என்றே போட்டிருப்பார்கள்.

நாள் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாமல், உங்களுக்கு விழுந்த நாள் அந்த ஞாயிறாகவே அமைந்துவிட்டால், தேர்வு நகரத் தகவல் வந்த அன்றே எஸ்எஸ்சி-யின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். பதிவு எண், எஸ்எஸ்சி தேர்வு நாள், அதே நாளில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 என்ற விவரம், இரண்டு தேர்வுக்குமான சான்று இணைப்பாக, அவ்வளவு போதும். ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். பதில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

அப்படி விட நேர்ந்தால் எதை விடுவது? உங்கள் விஷயத்தில் எஸ்எஸ்சி-யைத்தான். குரூப் 4 எல்லா ஆண்டும் வருவதில்லை. 2022 ஜூலையில் நடந்தது, 2023-ல் நடக்கவே இல்லை, அப்புறம் 2024 ஜூனில்தான் வந்தது. ஒன்றை விட்டால் இரண்டு ஆண்டு போய்விடக்கூடும், மூன்று முறை அதற்கென்றே படித்தும் இருக்கிறீர்கள். எஸ்எஸ்சி-யில் நீங்கள் எழுதப் போவது முதல் கட்டம்தான் என்றால், அதை இந்த முறை விடுவதால் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. இதுவே எஸ்எஸ்சி-யில் இரண்டாம் கட்டம் வரை வந்திருந்தீர்கள் என்றால் நான் வேறு மாதிரி யோசிக்கச் சொல்லியிருப்பேன். முதல் கட்டத்தைத் தாண்டி வந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடைசியாக, மருதாணி. மாப்பிள்ளை தங்கை என்று இரண்டு கையிலும் முழங்கை வரை போட்டுவிடுவார்கள். குரூப் 4-ல் அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் எஸ்எஸ்சி, வங்கி போன்ற கணினித் தேர்வுகளில் நுழையும்போது விரல் ரேகையை இயந்திரத்தில் பதிவார்கள். விரல் நுனியில் மருதாணி அடர்த்தியாக இருந்தால் இயந்திரம் எடுக்காமல் வரிசையில் நிறுத்திவிடுவார்கள். கல்யாணத்தை ஒட்டிய வாரங்களில் அப்படி ஒரு தேர்வு இருந்தால், உள்ளங்கையில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு, விரல் நுனிகளுக்கு மட்டும் தொப்பி வைக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.